கம்பம் பேருந்துப் பலகையும் வார இறுதித் தமிழ் வகுப்பும்

ஆகஸ்ட் பாதி தாண்டினால் வெளிநாட்டுத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே சாயலில் அறிவிப்புகள் வரத் தொடங்கும். வள்ளுவர் சிலையின் படம், அதன் மேல் தாய்மொழியே நம் அடையாளம் என்ற பொருளில் ஒரு வரி, கீழே பதிவு செய்யும் இணைப்பு, கடைசித் தேதி. இவற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் சனிக்கிழமையைக் கொடுக்கும் தன்னார்வலர்கள். அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அலுவலகத்துக்கும் பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கும் நடுவே அந்தப் படத்தைப் பார்க்கும் அப்பாவோ அம்மாவோ முடிவெடுக்கத் தேவையான விவரம் அதில் இருப்பதில்லை. பிள்ளை எப்போது படிக்கும், எதைப் படிக்கும், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் அது தொடுவதே இல்லை.

வகுப்புகள் புதியவை அல்ல. கலிபோர்னியா தமிழ் அகாடமி 1998இல் தொடங்கியது. மறு ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பேசப்பட்ட இணையப் பல்கலைக்கழகம் 2001இல் செயலுக்கு வந்து, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் நடக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே தமிழ்ப் பரப்புரைக் கழகம் 2022இல் தொடங்கப்பட்டது. லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் வாடகை அறைகளில் நடக்கும் சனிக்கிழமைப் பள்ளிகள் தனி. பாடநூலுக்கோ ஆசிரியருக்கோ முன்போலப் பஞ்சமில்லை. சேரும் பிள்ளைகளில் எத்தனை பேர் படிக்கிற நிலைக்கு வருகிறார்கள் என்பதுதான் இடிக்கிறது. கீழ்நிலை வகுப்பில் உட்கார இடமிருக்காது, மேல்நிலையில் நாலைந்து பேர் இருப்பார்கள். இந்தச் சரிவுக்குச் சேர்க்கை அறிவிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அது சொல்லாமல் விடும் ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம்.

வார இறுதி வகுப்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 30 வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 மணி நேரம். கம்பத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாளுக்கு 40 நிமிடம் தமிழ்ப் பாடம் என்று எடுத்தாலே, 200 நாளில் 130 மணி நேரத்தைத் தாண்டும். கடைப் பலகையும் சுவரொட்டியும் அதற்கு மேல். அப்படியிருந்தும் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழக அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்று தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. கன்னடப் பிள்ளைகள் எழுத்து கற்பதை ஆராய்ந்த சோனாலி நாக், எழுத்துகள் முழுதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று கண்டார். கன்னடத்தைவிடத் தமிழில் எழுத்து வடிவங்கள் குறைவு, கூட்டெழுத்துத் தொல்லையும் இல்லை. அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், 45 மணி நேரத்தில் 'சரளமாகப் படிக்க வைப்போம்' என்று அறிவிப்பில் போடுவது நடக்காத காரியம்.

இன்னும் உள்ளே போனால் கணக்கு கசக்கும். வகுப்பில் 12 பிள்ளைகள். ஒன்றரை மணி நேரத்தில் பாதியை ஆசிரியர் வாய்விட்டுப் படிப்பதற்கே ஒதுக்குகிறார் என்று தாராளமாக வைப்போம். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாலு நிமிடத்துக்கும் குறைவு. பொங்கல் விழா, ஆண்டு விழா ஒத்திகை, காய்ச்சல் என்று இரண்டு வாரம் போக, 28 வகுப்பில் ஓராண்டு முழுதும் அந்தப் பிள்ளை தன் வாயால் தமிழ் படித்த நேரம் இரண்டு மணிக்கும் குறைவாக நிற்கிறது. அதே பிள்ளை வீட்டில் வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் படித்தால் 30 வாரத்தில் 25 மணி நேரம் ஆகும். ஆக, வகுப்பு செய்யக்கூடியது வரிசைப்படுத்திக் கொடுப்பதும் பிழை திருத்துவதும்தான். படிப்பு நடக்கும் இடம் வீடு. எந்த அறிவிப்பிலும் இந்த வரி இருக்காது. சொன்னால் பெற்றோர் ஓடிவிடுவார்கள் என்று நடத்துகிறவர்களுக்குப் பயம். சொல்லாமல் விட்டதால் டிசம்பரில் ஓடுகிறார்கள் என்பது என் கணிப்பு. பத்து நிமிடம் என்று முதலிலேயே தெரிந்தால், வேலை மிகுந்த பெற்றோர்கூட அது தன்னால் ஆகுமா ஆகாதா என்று எடைபோட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்தது, எதைப் படிக்கும் என்ற கேள்வி. இதற்குக் கம்பம் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்கிறேன். உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் வளைகுடா போனவர்கள், தேனி, போடிப் பக்கத்திலிருந்து கணினி வேலைக்கு லண்டனும் அமெரிக்காவும் போனவர்கள் என்று இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. இவர்கள் பிள்ளை கோடை விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வரும். வந்தால் அதன் கண்ணில் முதலில் படும் தமிழ் எழுத்து, பேருந்து நிலையத்தில் வண்டியின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயர்.

ஆறு ஊர்களை எடுப்போம்: தேனி, கம்பம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர். இந்த ஆறையும் படிக்க வேறுவேறான எழுத்துகள் எத்தனை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால் 22 வருகிறது. தே, னி, க, ம், ப, போ, டி, சி, ன், ன, ம, னூ, ர், உ, த், த, பா, ளை, ய, கூ, ட, லூ. 247 எழுத்துகளில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பதினொரு மெய்யின் வடிவங்கள், புள்ளி, ஆறு உயிர்க்குறிகள், தனியாக நிற்கும் உயிர் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று உத்தமபாளையத்தின் முதல் எழுத்து.

வழக்கமான வகுப்பு எப்படிப் போகிறது? முதல் இரண்டு மூன்று மாதம் அ முதல் ஔ வரை. அதன் பிறகு மெய். பிறகு உயிர்மெய் அட்டவணை, வரிசை வரிசையாக. தமிழில் தனி உயிர் பெரும்பாலும் சொல்லின் தொடக்கத்தில்தான் வரும். அச்சடித்த பக்கத்தில் பெரும்பகுதி உயிர்மெய்யும் புள்ளி எழுத்தும். ஆக மூன்று மாதம் படித்து டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளை, ஆறு ஊர்ப் பலகையில் அடையாளம் காணக்கூடியது அந்த ஒரு 'உ'. எழுத்து வரிசையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அகராதி பார்க்க அது வேண்டும், பாட்டாகப் பாடினால் பிள்ளைக்குப் பிடிக்கவும் செய்யும். பாட்டு ஒரு பக்கம் ஓடட்டும். படிப்புக்கு வேறு வாசல் வேண்டும்.

ஊர்ப் பெயர்களில் இன்னொரு வசதி, தமிழ் எழுத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் இந்த ஆறிலேயே இருக்கின்றன. தே, ளை இரண்டிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. போ எழுத்தில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. ஆங்கிலம் படித்த கண் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கும், அதனால் முதல் நாலைந்து வாரம் இதில் குழம்புவது இயல்பு. அதைவிடப் பெரிய தொல்லை கூ, லூ, னூ. ஒரே நெடில் ஊ லூ, னூ இரண்டிலும் ஒரு விதமாகவும் கூவில் வேறு விதமாகவும் ஒட்டுகிறது. இதற்கு விதி சொல்லி முடியாது, பழகித்தான் தீர வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ளை, னை, லை போன்றவற்றின் தும்பிக்கை வடிவத்தை எடுத்து மற்றவற்றோடு ஒழுங்காக்கியது. உகர ஊகார வரிசையில் கை வைக்கவில்லை. (அப்பத்தா கைப்பட எழுதிய பழைய கடிதத்தில் தும்பிக்கை ளை இருந்தால் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.) ஒலியிலும் சிக்கல் உண்டு. கம்பத்தில் 'ம்'முக்குப் பின் வரும் 'ப' மெலிந்து ஒலிக்கிறது, போடியில் முதலெழுத்தே அப்படித்தான் ஒலிக்கிறது. பிள்ளை முதலில் அழுத்தமாகப் படிக்கும். ஊர்ப் பெயர் ஏற்கெனவே காதில் இருப்பதால் தானாகத் திருத்திக்கொள்ளும். பாடநூலில் முன்பின் கேட்டிராத ஒரு பழத்தின் பெயரைப் படித்தால் இந்தத் திருத்தம் நடக்காது.

அறிமுகமான சொற்களால் தொடங்குவதில் ஒரு ஆபத்தும் உண்டு. பிள்ளை எழுத்தைப் படிக்காமல் சொல்லின் உருவத்தையே மனப்பாடம் செய்துகொள்ளும். பாடநூலின் முதல் பக்கங்களைப் படத்தைப் பார்த்தே ஒப்பிக்கும் பிள்ளையின் கதையும் இதேதான், ஆண்டு விழா மேடையில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அதே 22 எழுத்துகளால் ஆன, பாடத்தில் வராத சொற்களை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: பனி, பாடம், கூடம், தேன், படி, உடன். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தால் பிள்ளை படிக்கிறது. 'தேன்' என்பதைப் பார்த்ததும் 'தேனி' என்று சொன்னால் உருவத்தை வைத்து ஊகிக்கிறது, அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. இந்தச் சோதனையை அறிவிப்பிலேயே போட்டுவிடலாம். பெற்றோர் கையில் அளவுகோலைக் கொடுக்கும் வகுப்பை நம்பலாம்.

எழுத்து வந்த பிறகு வரும் பள்ளம் வேறு. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதானே, எழுத்து தெரிந்தால் படித்துவிடும் என்று பெற்றோர் நினைப்பார்கள். தேனி வீட்டில் பிள்ளை கேட்பது 'வந்தாய்ங்க', 'அங்கிட்டுப் போனாய்ங்க'. புத்தகத்தில் இருப்பது 'வந்தார்கள்', 'அங்கே சென்றார்கள்'. எழுத்தைக் கூட்டிப் படித்து முடித்த பிறகும் பிள்ளைக்குப் பொருள் தட்டுப்படாது, ஏனென்றால் அந்தச் சொல்லை அது ஒருமுறைகூடக் காதால் கேட்டதில்லை. இரண்டாம் மூன்றாம் ஆண்டில் விலகும் பிள்ளைகளின் கதையில் பாதி இதுதான். இதற்குக் கைகண்ட வழி, முதல் ஆண்டிலிருந்தே பெரியவர்கள் வாரம் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது, ஊர்ப் பேச்சில் மாற்றிச் சொல்லாமல். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழகப் பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சின்னச் சின்னப் புத்தகங்களும் உண்டு. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயதுக் கதையைக் கொடுத்து அவமானப்படுத்தாமல் இருக்க இந்தப் பிரிப்பு உதவும்.

பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. பல இடங்களில் வயதைப் பார்த்து உட்கார வைக்கிறார்கள். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே வகுப்புக்குள்ளேயே அரும்பு, மொட்டு, மலர் என்று படிநிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். வார இறுதி வகுப்புக்கு அது இன்னும் அவசியம், ஏனென்றால் துபாயில் தினமும் அம்மாவோடு தமிழ் பேசும் ஏழு வயதும், லண்டனில் 'தண்ணி', 'வேணாம்' தவிர எதுவும் வராத பத்து வயதும் ஒரே அறிவிப்பைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

'தாய்மொழி' என்ற தலைப்பு வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியிலும் கடைத்தெருவிலும் தமிழில் வாழ்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. குமுளி தாண்டிச் சம்பந்தம் செய்துகொண்ட, மலையாளம் கலந்த வீடுகளும் உண்டு. வெளிநாட்டில் வேறு மொழிக்காரரை மணந்தவர்களைச் சொல்லவே வேண்டாம். இவர்கள் அத்தனை பேரும் படிப்பது தமிழ். அடையாளத்தை முன்னே வைக்கும் அறிவிப்பு இவர்களைப் பார்த்துப் பேசுவதில்லை. பதிவுப் படிவத்தில் 'தாய்மொழி' என்று கேட்பதற்குப் பதிலாக 'வீட்டில் யார் பிள்ளையோடு தமிழில் பேசுகிறார்கள், எவ்வளவு நேரம்' என்று கேட்டால் ஆசிரியருக்கும் பயன்படும்.

நாளும் நேரமும் சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் பதிவு செய்த பிறகு விலகுகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். ஊரிலேயே உட்கார்ந்து இணையவழி நடத்த நினைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். 'சனி, ஞாயிறு விடுமுறை' என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஐக்கிய அரபு அமீரகம் 2022இலிருந்து சனி ஞாயிறுக்கு மாறிவிட்டது. சவுதி, கத்தார், குவைத்தில் இன்றும் வெள்ளியும் சனியும்தான். ஞாயிறு வகுப்பு வைத்தால் ரியாத் பிள்ளை பள்ளியில் இருக்கும். எல்லோருக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை. நேரமும் அப்படியே. கோடையில் லண்டன் காலை 10 மணி என்றால் சின்னமனூரில் பகல் 2.30, துபாயில் 1 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அதே வகுப்பு சின்னமனூரில் 3.30, துபாயில் 2 மணி. எந்த ஊர் நேரம் மாறாமல் நிற்கும் என்று அறிவிப்பு சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நவம்பர் முதல் வாரம் பாதி வகுப்பு காலியாக இருக்கும்.

அமெரிக்கப் பெற்றோருக்கு இன்னொரு தூண்டில் உண்டு, உயர்நிலைப் பள்ளி மதிப்பீட்டில் மொழிப் பாடமாகத் தமிழ் சேர்வது. கலிபோர்னியா 2011இல் தொடங்கிய இருமொழித் திறன் முத்திரை வேறு மாநிலங்களிலும் வந்துவிட்டது. ஆனால் எந்த வகுப்பை ஏற்பது என்பதைப் பெரும்பாலும் உள்ளூர்க் கல்வி மாவட்டமே முடிவு செய்யும். மாவட்டத்தின் பெயரைச் சொல்லாமல் 'மதிப்பெண் கிடைக்கும்' என்று போடும் அறிவிப்பை நான் நம்புவதில்லை. ஆறு வயதுப் பிள்ளையின் பெற்றோரிடம் அதைப் பேசுவதும் வீண்.

இத்தனையையும் வைத்து ஒரு மாதிரி அறிவிப்பு எழுதிப் பார்க்கிறேன். சின்னமனூரிலிருந்து ஓர் ஆசிரியர், லண்டனிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள்:

"உங்கள் பிள்ளை அடுத்த கோடையில் ஊருக்கு வரும்போது தேனி, கம்பம், போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் பேருந்துப் பலகைகளைத் தானே படிக்க வேண்டும் என்றால், இந்த வகுப்பு அதற்குத்தான். வயது 6 முதல் 9. தமிழ் பேச வராத பிள்ளையும் சேரலாம். சனிக்கிழமை, லண்டன் நேரம் காலை 10 முதல் 11.30, குளிர்காலத்தில் வளைகுடாவிலும் ஊரிலும் ஒரு மணி நேரம் தள்ளிவரும். செப்டம்பர் முதல் மே வரை 30 வகுப்பு. ஒரு வகுப்பில் 8 பேர்தான்.

டிசம்பருக்குள்: 22 எழுத்து, ஆறு ஊர்ப் பெயர், அதே எழுத்துகளில் புதுச் சொற்கள். மே மாதத்துக்குள்: ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ள கதைப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பது. சரளமாகப் படிக்க இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும்.

உங்களிடம் கேட்பது: வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம் பிள்ளை உங்கள் அருகில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் ஆசிரியர் படித்த ஒலிப்பதிவை அனுப்புகிறோம். இது முடியாத ஆண்டு என்றால் அடுத்த ஆண்டு சேருங்கள், இடம் வைத்திருப்போம். ஒரு வகுப்பு தவறினால் அந்த வாரப் பக்கம் வாட்ஸ்அப்பில் வரும். மூன்று வகுப்பு தொடர்ந்து தவறினால் நாங்கள் கூப்பிட்டுப் பேசுவோம்."

கட்டண வரியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், அது இடத்துக்கு இடம் மாறும். கட்டணம் எவ்வளவு என்பதோடு பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதே வரியில் போட வேண்டும். எட்டுப் பேர் என்ற வரம்பு பாதிப் பணக் கணக்கு, பாதி நிமிடக் கணக்கு. பன்னிரண்டை எட்டாக்கினால் ஒரு பிள்ளைக்கு வாரம் நாலு நிமிடம் ஐந்தரை ஆகும், அவ்வளவுதான். ஆசிரியருக்குக் கொடுக்கும் தொகை தலைக்கு ஒன்றரை மடங்காகும்.

இந்த மாதிரி எல்லோருக்கும் ஒத்துவராது. மதுரைக்கார வீட்டுக்கும் யாழ்ப்பாணத்து வீட்டுக்கும் பேருந்துப் பலகை வேறு, பேச்சு வேறு. அவர்கள் தங்கள் ஊரின் ஆறு பெயரை எடுத்து எழுத்தை எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணும்போது ஒன்று கவனியுங்கள். பெரியகுளம், ஆண்டிபட்டி இரண்டையும் சேர்த்தால் நம் பட்டியல் 22இலிருந்து 29 ஆகிவிடும். ஆசைப்பட்டு முதல் பருவத்திலேயே எட்டு ஊரைத் திணித்தால் டிசம்பர்ச் சோதனையில் 'தேன்' மறுபடி 'தேனி' ஆகிவிடும். அந்த இரண்டு ஊரும் ஜனவரிக்கு.